யப்பானிய மொழியில் நான்கு ‘ஆல்’கள்

யப்பான் நாட்டில் வீதிப் பாதுகாப்பின் பொருட்டு நெடுங்காலமாக வழங்கிவரும் சுலோகம் ஒன்றுண்டு. ‘நொந்தரா நொரு நா, நொரு நரா நொமு நா’ என்பது அது. நொமு என்பது குடித்தலைக் குறிக்கும் வினை. நொரு என்பது வாகனத்தில் ஏறுதலைக் குறிப்பது. இங்கே வாகனம் ஓட்டுதல் என்று கொள்ளல் வேண்டும். வினையின் பின் வரும் ‘நா’, செய்யாதே என விலக்கும் சொல். எனவே, ‘குடித்தால் ஓட்டாதே, ஓட்டுவதென்றால் குடிக்காதே’ என்று இச்சுலோகத்தைத் தமிழிற் சொல்லலாம்.

நேயர்களே, இச்சுலோகத்தின் இரு பகுதிகளிலும் நிபந்தனை ஒவ்வொன்று இருக்கிறது. ஆனால், முதற் பகுதியில் ‘தரா’ என்னும் உருபும் இரண்டாம் பகுதியில் ‘நரா’ என்னும் உருபும் வந்திருக்கின்றன. இவற்றை இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும்? ‘நொரு நரா நொமு நா’ என்பதை ‘நொத்தரா நொமு நா’ என்று மாற்றினோமாயின், ‘வாகனத்தில் ஏறிய பின்னர்க் குடிக்காதே’ என்ற பொருள் வந்துவிடும். ஏறுவதற்கு முன் எவ்வளவு குடித்தாலும் அவ்விலக்கு அவனைத் தடுக்காது. ஓர் உயிரைக் காக்க எழுந்த வாக்கியம், ஓருருபு மாறியதனால் தன் வேலையைச் செய்யாமற் போகிறது.

யப்பானிய மொழியில் நிபந்தனையை உணர்த்த நான்கு உருபுகள் சிறப்பாக வழங்குகின்றன. அவை தொ, பா, தரா, நரா என்பன. நம் எழுத்திலே நெடிலாக எழுதினும், பா, தரா, நரா என்பவற்றின் ஈற்று உயிரை அம்மொழியினர் குறிலாகவே ஒலிப்பர். ‘பா’ என்பதை ‘அன்பால்’ என்னும் சொல்லில் வரும் பாவைப் போல மெலித்து ஒலித்தல் வேண்டும். தமிழராகிய நாம் இந்நான்கின் இடத்திலும் பெரும்பாலும் ‘ஆல்’ ஒன்றையே வைத்துப் பேசிவிடுகிறோம். ‘மழை பெய்தால் வெள்ளம் வரும்’, ‘நேரம் இருந்தால் வாருங்கள்’, ‘வீட்டுக்குப் போனால் கடிதம் எழுது’ என்னும் மூன்றும் நம் செவிக்கு ஒரே வகையின. யப்பானியருக்கு அவை மூன்று வகையின. ஆகவே, இந்நான்கு உருபுகளும் எங்கே வேறுபடுகின்றன, ஒவ்வொன்றின் எல்லை எது என்பவற்றை நொமு என்னும் அந்த ஒரு வினையைக் கொண்டே இன்று ஆராய்வோம். யப்பானியர் நீரையும் மதுவையும் மட்டுமன்றி மருந்தையும் ‘நொமு’ என்ற சொல்லாலேயே குறிப்பர்; குளிகையாயினும் அவர்களுக்கு அது குடிப்பதே. அது நமக்கு மிகவும் வாய்ப்பாக அமைகிறது.

முதலில் வடிவங்களைப் பார்ப்போம். வினையை மாற்றாமல் அதன் பின்னே தொவைச் சேர்த்தால் ‘நொமு தொ’ என்றாகும். வினையின் ஈற்று உகரத்தை எகரமாக்கிப் பாவைச் சேர்த்தால் ‘நொமெபா’ என்றாகும். குடித்தான் என்பதற்குரிய இறந்தகால வடிவம் ‘நொந்தா’. அதனோடு ‘ரா’ சேர ‘நொந்தரா’ என்றாகும். வினையின் பின்னே நராவை வைத்தால் ‘நொமு நரா’ என்றாகும். இந்நான்கினுள் நொந்தரா ஒன்றே இறந்தகால வடிவத்தின்மேல் எழுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, மருந்துச்சாலையில் மருந்து கொடுப்பவர் ஒருவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே மருந்தைப் பற்றி அவர் நான்கு செய்திகளைச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலாவது, அம்மருந்தின் இயல்பு. ‘கொனொ குஸுரி ஒ நொமு தொ, நெமுகு நரிமஸ்’ என்கிறார். கொனொ என்பது இந்த. குஸுரி என்பது மருந்து. நெமுகு நரிமஸ் என்றால் உறக்கம் வரும் என்பது. ‘இம்மருந்தைக் குடித்தால் உறக்கம் வரும்’ என்பது பொருள். இங்கே அவர் தொவைத் தெரிந்தெடுத்ததன் காரணம் யாது? குடித்தலும் உறக்கம் வருதலும் ஒன்றையொன்று தொடர்ந்தே நிகழும். இடையில் எவருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. இயற்கையின் நியதியும் இயந்திரத்தின் இயக்கமும் இத்தகையனவே. ‘ஹரு நி நரு தொ, ஹனா கா ஸகு’, அதாவது ‘வசந்தம் வந்தால் மலர் பூக்கும்’ என்பர். ‘பொத்தன் ஒ ஒஸு தொ, மிஸு கா தெரு’, அதாவது ‘பொத்தானை அழுத்தினால் நீர் வரும்’ என்பர். இந்தப் ‘பொத்தன்’ நமக்கு அந்நியமான சொல்லன்று. நம் பொத்தானும் அவர்களுடைய பொத்தனும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஒரே சொல்லின் இரு வடிவங்களே.

தொவுக்கு இறந்தகாலத்தில் மற்றுமொரு பயன் உண்டு. ‘மதொ ஒ அகெரு தொ, யுகி கா ஃபுத்தெ இதா’ என்ற வாக்கியத்துக்கு, ‘சாளரத்தைத் திறந்ததும், பனி பெய்துகொண்டிருந்தது’ என்று பொருள். திறக்கும்வரை தெரியாதிருந்த ஒன்று, திறந்த அக்கணத்திலே கண்ணிற் பட்டது. இவ்விடத்தில் நம் ‘ஆல்’ அத்துணை பொருந்தாது. ‘திறந்ததும்’ என்பதே பொருந்தும். தொவின் உள்ளியல்பை விளக்குவதற்கு இந்த ‘-தும்’ என்னும் ஈறு நல்லதொரு துணை. ஒன்று நிகழ்ந்ததும் மற்றது தானாகவே வந்து நிற்கிறது என்பதே தொ உணர்த்தும் செய்தி.

தானாகவே வந்து நிற்பதாதலின், பேசுபவருடைய மனத்தின் ஏவல் அங்கே நுழைதல் கூடாது. தொவின் பெரும் எல்லை இதுவே. தொ வந்த வாக்கியத்தின் பிற்பகுதியில் கட்டளையோ, வேண்டுகோளோ, அழைப்போ, பேசுபவருடைய விருப்பமோ, தீர்மானமோ வருதல் இல்லை. ‘வசந்தம் வந்தால் மலர் பார்க்கப் போவோம்’ என்பதைச் சொல்ல ‘ஹரு நி நரு தொ’ என்று தொடங்கினால் வாக்கியம் பிழைபடும். ‘ஹரு நி நத்தரா, ஹனமி நி இகிமஷோ’ என்று தராவைக் கொண்டே அதனைச் சொல்லவேண்டும். மலர் பூப்பது வசந்தத்தின் வேலை. பார்க்கப் போவது நம்முடைய தீர்மானம். வாக்கியத்தின் முற்பகுதி ஒன்றேயாயினும், பிற்பகுதியின் இயல்பு உருபை மாற்றிவிடுகிறது.

மருந்து கொடுப்பவர் சொல்லவேண்டிய இரண்டாவது செய்தி, நோய் நீங்கும் வழி. ‘கொனொ குஸுரி ஒ நொமெபா, யொகு நரிமஸ்’ என்கிறார். யொகு நரிமஸ் என்பது ‘குணமாகும்’ என்பதாம். இதுவும் காரண காரியம் பற்றியதே. எனினும் இங்கே பா வந்திருக்கிறது. நோயாளிக்கு வேண்டியது நலம். அந்நலத்தை அடைவதற்கு எது தேவை என்ற வினாவுக்கு விடையாக அமைவது நொமெபா. ‘இதனைக் குடிப்பின் குணமாகும்’ என்று சொல்லும்போது, ‘குடியாவிடின் ஆகாது’ என்ற நிழலும் உடன் விழுகிறது. ‘நான் என்ன செய்தால் நல்லது?’ என்று வழி கேட்கும் யப்பானியர், ‘தொ ஸுரெபா ஈ தெஸ் கா’ என்று பாவை வைத்தே பெரும்பாலும் கேட்பர். விரும்பிய பயனுக்கு வேண்டிய நிபந்தனையைச் சுட்டுவது பாவின் தனித்தொழில்.

தொவையும் பாவையும் ஒரே வாக்கியத்தில் மாற்றிப் பார்த்தால் வேறுபாடு நன்கு புலனாகும். ‘நொமு தொ நெமுகு நரிமஸ்’ என்பது எச்சரிக்கை. ‘கவனமாயிரும், உறக்கம் வந்துவிடும்’ என்ற தொனி அதில் இருக்கிறது. ‘நொமெபா நெமுகு நரிமஸ்’ என்றால் அது இரவெல்லாம் உறக்கமின்றி வருந்துபவருக்குச் சொல்லும் ஆறுதலாகிவிடும். மருந்தும் ஒன்று, விளைவும் ஒன்று. ஆயினும், முன்னதில் உறக்கம் வேண்டாத பயன். பின்னதில் அது வேண்டிய பயன். இரண்டும் இலக்கணத்துக்கு உடன்பாடானவையே. கேட்பவர் கொள்ளும் கருத்து மட்டும் வேறாகிறது.

பா பழமொழிகளிலும் பயின்று வருவது. ‘ஸுமெபா மியாகொ’ என்பது ஒன்று. ஸுமு என்பது குடியிருத்தல். மியாகொ என்பது தலைநகர். எவ்வூராயினும் வாழ்ந்து பழகின் அதுவே தலைநகர் என்பது கருத்து. என்றும் எவருக்கும் பொருந்தும் பொது உண்மையைச் சொல்லும்போது பா இயல்பாகவே வந்து அமைகிறது.

பாவின் எல்லை தொவின் எல்லையைப் போல அத்துணை இறுக்கமானதன்று. அதனாலேயே அது கற்பவரை ஏமாற்றுகிறது. ‘ஜிகன் கா அரெபா, கிதெ குதஸை’ என்றால், ‘நேரம் இருந்தால் வாருங்கள்’ என்பது பொருள். குதஸை வேண்டுகோளைக் காட்டுவது. பாவின் பின் வேண்டுகோள் வந்திருக்கிறது, வாக்கியமும் சரியானது. இதனைக் கற்ற ஒருவர், ‘டோக்கியோ சேர்ந்தால் தொலைபேசியிற் பேசுங்கள்’ என்பதையும் அதே அச்சில் வார்த்து, ‘டோக்கியோ நி சுகெபா, தென்வா ஷிதெ குதஸை’ என்று சொல்லிவிடுகிறார். அது பிழை. ‘சுயிதரா, தென்வா ஷிதெ குதஸை’ என்பதே வழக்கு.

இவ்விரு வாக்கியங்களுக்குமிடையே உள்ள வேறுபாடு யாது? நேரம் இருத்தல் ஒரு நிலை. டோக்கியோ சேர்தல் ஒரு நிகழ்ச்சி. இருத்தல், இல்லாமை, மலிவாயிருத்தல், செய்ய இயலுதல் போன்ற நிலைகள் முற்பகுதியில் வரின், பாவின் பின் கட்டளையும் வேண்டுகோளும் வரலாம். ‘மலிவாயிருந்தால் வாங்கு’ என்பதை ‘யஸுகெரெபா’ என்று பாவினால் தாராளமாகச் சொல்லலாம். முற்பகுதியில் செயலோ நிகழ்ச்சியோ வந்து, இரு பகுதிகளுக்கும் எழுவாய் ஒன்றேயாகவும் இருப்பின், பா கட்டளையை ஏற்பதில்லை. எழுவாய்கள் வேறாயின் இக்கட்டுப்பாடு தளர்கிறது. ‘நீர் போனால் நானும் போவேன்’ என்று தன் தீர்மானத்தைப் பாவினாற் சொல்வதுண்டு. ஐயம் எழும்போது, முற்பகுதி நிலையா நிகழ்ச்சியா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது செய்தி, மருந்தைக் குடித்த பின் செய்யத்தகாதது. ‘கொனொ குஸுரி ஒ நொந்தரா, உன்தென் ஷினைதெ குதஸை’ என்கிறார். உன்தென் என்பது வாகனம் ஓட்டுதல். ‘இம்மருந்தைக் குடித்தால் வாகனம் ஓட்டாதீர்கள்’ என்பது பொருள். பிற்பகுதி வேண்டுகோளாதலின் தொ இங்கே வராது. குடித்தல் செயலாதலானும், குடிப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரே ஆதலானும் பாவும் வராது. தரா வருகிறது. தரா கட்டளை, வேண்டுகோள், அழைப்பு, விருப்பம் ஆகிய அனைத்தையும் ஏற்கும். நான்கினுள் மிகுந்த இடங்களிற் செல்வதும், பேச்சு வழக்கில் மிகுதியாகக் கேட்பதும் அதுவே.

தரா விதிக்கும் நிபந்தனை ஒன்றே: முற்பகுதியில் உள்ள செயல் முடிந்திருத்தல் வேண்டும். நொந்தா என்னும் இறந்தகாலம் அதனுள்ளே இருப்பதை முன்னர்க் கண்டோம். குடித்தல் முடிந்த பின்னரே ஓட்டாதிருத்தல் தொடங்குகிறது. அதனால் தரா ஐயத்துக்கிடமான நிபந்தனைக்கு மட்டுமன்றி, நிச்சயமாக வரப்போகும் காலத்துக்கும் ஏற்றது. வசந்தம் வருமோ வராதோ என்ற ஐயம் எவருக்கும் இல்லை. ஆயினும் ‘ஹரு நி நத்தரா’ என்கிறார்கள். அங்கே அது ‘வசந்தம் வந்த பின்’ என்றே பொருள்படும்.

நம் மொழியிலும் இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. ‘குடித்தால்’, ‘வந்தால்’, ‘போனால்’ என்பவற்றைப் பிரித்துப் பாருங்கள். குடித்தான், வந்தான், போனான் என்பவற்றில் உள்ள அதே இறந்தகால அடியின்மேலேதான் ‘ஆல்’ ஏறியிருக்கிறது. வடிவத்தால் நம் ‘ஆல்’ தராவுக்கே அண்மையானது. தமிழர் தராவை எளிதிற் பற்றிக்கொள்ள இது துணை செய்யும். ஆனால், நம் ‘ஆல்’ தன் இறந்தகாலத் தன்மையை ஏறக்குறைய மறந்துவிட்டது, தரா மறக்கவில்லை. பிற்பகுதியின் செயல் முற்பகுதிக்கு முந்தி நிகழவேண்டிய இடத்தில் நாம் ‘ஆல்’ என்று சொன்னாலும் கேட்பவர் குறிப்பறிந்து கொள்வார். யப்பானியர் தராவைக் கேட்டவுடன் முன், பின் என்ற வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வார்.

நான்காவது செய்தி, குடிப்பதற்கு முன் அறியவேண்டியது. ‘கொனொ குஸுரி ஒ நொமு நரா, ஷொகுகொ நி நொந்தெ குதஸை’ என்கிறார். ஷொகுகொ என்றால் உணவின் பின். ‘இம்மருந்தைக் குடிப்பதென்றால், உணவுக்குப் பின் குடியுங்கள்’ என்பது பொருள். இன்னும் குடித்தாயிற்றில்லை. குடிக்க எண்ணுகிறார் என்பது பேச்சினின்றும் புலப்பட்டது. ‘உமது எண்ணம் அதுவாயின், என் அறிவுரை இது’ என்கிறார் மருந்து கொடுப்பவர். நரா ஒரு நிகழ்ச்சியைப் பற்றி அன்று, ஒரு கூற்றைப் பற்றியே நிபந்தனை கூறுகிறது. ‘நீர் சொல்வது அப்படியாயின்’ என்பதே அதன் உட்பொருள்.

தமிழில் இதற்கென்றே ‘என்றால்’ இருக்கிறது. பெயர்ச்சொல்லின் பின் வரும்போது ஒற்றுமை இன்னும் தெளிவாகும். ‘ஸுஷி நரா, அனொ மிஸெ கா ஈ’ என்பது ‘ஸுஷி என்றால் அந்தக் கடைதான் நல்லது’ என்பதாம். ஒரு சொல்லும் மிகாமலும் குறையாமலும் நம் வழக்கோடு ஒத்துவருகிறது. வினையின் பின் வரும்போதும் ‘குடிப்பதென்றால்’, ‘போவதானால்’ என்று தமிழாக்கிப் பார்த்தால், பிழை பெரும்பாலும் நேராது.

நராவின் எல்லை இரண்டு. ஒன்று, அது காலவரிசையைக் கட்டுவதில்லை. பிற்பகுதியின் செயல் முந்தியே நிகழலாம். ‘கியோத்தோ நகருக்குப் போவதென்றால் குடை வாங்குங்கள்’ என்று நராவினாற் சொன்னால், புறப்படுமுன் வாங்கும்படி சொன்னதாகவே கேட்பவர் பெரும்பாலும் கொள்வர். அதையே தராவினாற் சொன்னால், கியோத்தோவை அடைந்து அங்கே வாங்கவேண்டும். மற்றொன்று, ஐயத்துக்கே இடமில்லாமல் வரப்போகும் ஒன்றுக்கு நரா ஏலாது. ‘வசந்தம் வருவதென்றால் மலர் பூக்கும்’ என்பது தமிழிலும் விந்தையாகவே ஒலிக்கிறது. வசந்தம் வரும் என்று எவரோ சொல்லித்தான் அறியவேண்டும் என்பதில்லை. அங்கே தொவோ தராவோ பாவோ வரலாம். நரா மட்டும் வராது.

நான்கு உருபுகளையும் அறிந்தபின் சுலோகத்தை மீண்டும் சோதித்துப் பார்ப்போம். முதற் பகுதியின் பொருள், குடித்தவன் ஓட்டலாகாது என்பது. பிற்பகுதி விலக்குக் கட்டளை. ‘நொமு தொ நொரு நா’ என்று சொல்ல முடியாது. தொ கட்டளையை ஏற்பதில்லை. ‘நொமெபா நொரு நா’ என்றும் சொல்ல முடியாது. நொமு செயலைக் குறிப்பது, குடிப்பவனும் ஓட்டுபவனும் ஒருவனே. ‘நொமு நரா நொரு நா’ என்பது இலக்கணப்படி சரியே. ஆனால், அது ‘குடிக்கும் எண்ணமுண்டாயின் வாகனத்தை எடுக்காதே’ என்று எண்ணத்தோடு பேசுகிறது. குடித்துவிட்டுத் திறப்பைக் கையில் எடுத்து நிற்பவனோடு பேசவில்லை. அவனை நேரே தடுப்பது ‘நொந்தரா’ ஒன்றே.

இரண்டாம் பகுதி அதற்கு முந்திய வேளையைப் பற்றியது. விருந்தில் இருக்கிறான், கிண்ணம் முன்னே இருக்கிறது, இரவில் வாகனம் ஓட்டி வீடு திரும்பவேண்டும். ஓட்டுதல் பின்னர் நிகழ்வது. குடியாமை இப்போதே வேண்டுவது. நிபந்தனை பின்னும் கட்டளை முன்னும் நிற்கும் இவ்வரிசையைத் தராவினாற் சொல்ல இயலாது. ‘நொரு நரா’ என்றே சொல்லவேண்டும். குடிக்குமுன் ஒரு கதவையும் குடித்தபின் மற்றொரு கதவையும் சாத்தவேண்டியிருந்தமையாலேயே இச்சுலோகத்துக்கு ஈருருபுகள் வேண்டியிருந்தன.

இவ்வுருபுகள் இவ்வாறு பிரிந்து நிற்பதற்கு மொழி வரலாற்றிலும் காரணம் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட யப்பானிய மொழியில் பா இரு வகையாக வந்தது. ‘நொமபா’ என்றால் ‘குடிப்பின்’ என்ற நிபந்தனை. ‘நொமெபா’ என்றால் ‘குடித்தபோது’ அல்லது ‘குடித்தமையால்’ என்பது பொருள். பிற்காலத்தில் நொமபா என்னும் வடிவம் படிப்படியாக வழக்கொழிய, நிபந்தனைப் பொருளையும் நொமெபாவே ஏற்றுக்கொண்டது. பழைய இலக்கணத்தார் அவ்வடிவத்துக்கு ‘ஏலவே அவ்வாறாயிற்று’ எனப் பொருள்படும் பெயரை இட்டிருந்தனர். இக்காலப் பாடசாலை இலக்கணம் அதற்கு ‘நிபந்தனை வடிவம்’ என்னும் பொருளுடைய பெயரை வழங்குகிறது. பழைய வகை இன்றும் சில பழமொழிகளில் எஞ்சியிருக்கிறது. ‘தொகு ஒ குரவபா ஸரா மதெ’, அதாவது ‘நஞ்சை உண்பதாயின் தட்டு வரையும் உண்’ என்பது அவற்றுள் ஒன்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நாம் சொல்வதில்லையா? அதே துணிவை அப்பழமொழியிற் காணலாம்.

தராவும் நராவும் அப்பழைய பாவின் வழிவந்தவையே. முடிந்த நிலையைக் காட்டிய ‘தரி’ என்னும் துணைவினையினின்றும் ‘தரபா’ பிறந்தது. ஆகும், அப்படியாம் என்று கூறும் ‘நரி’ என்னும் சொல்லினின்றும் ‘நரபா’ பிறந்தது. ஈற்றிலுள்ள பா தேய்ந்து தரா, நரா என நின்றன. நரபா என்ற முழு வடிவத்தை எழுத்து வழக்கில் இன்றும் காணலாம். ஆகவே, தராவின் உள்ளே ‘முடிந்தபின்’ என்பதும், நராவின் உள்ளே ‘அப்படியாயின்’ என்பதும் பிறப்பிலேயே உறைந்திருக்கின்றன. நம் ‘ஆயின்’, ‘ஆனால்’ என்பவையும் ‘ஆகு’ என்னும் வினையடியாகப் பிறந்து நிபந்தனையாக நிற்பவை அல்லவா? நராவின் வரலாறு நமக்கு விளங்காத ஒன்றன்று.

நான்கு உருபுகளும் எங்கும் ஒன்றையொன்று விலக்கி நிற்பன என்று கருதவேண்டா. ‘வசந்தம் வந்தால் மலர் பூக்கும்’ என்பதைத் தொவாலும் பாவாலும் தராவாலும் சொல்லலாம். தொனி மட்டுமே வேறுபடும். பிழை நேர்வது பிற்பகுதியிற் பேசுபவரின் விருப்பம் நுழையும்போதும், செயல்களின் வரிசை மாறும்போதும்தான். ஆதலின், வாக்கியத்தை அமைக்கத் தொடங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். பிற்பகுதியில் கட்டளையோ வேண்டுகோளோ விருப்பமோ வருகிறதா? வருமாயின் தொவை நீக்கிவிடுக. முற்பகுதி செயலாயிருப்பின் பாவையும் நீக்கிவிடுக. எஞ்சுவன தராவும் நராவும். இனி, முற்பகுதி முடிந்த பின்னரே பிற்பகுதி நிகழ்வதா? ஆமெனின் தரா. பிற்பகுதி முந்தியே நிகழவேண்டுமாயின், அல்லது பிறர் கூறியதைப் பற்றிக்கொண்டு நாம் மறுமொழி கூறுவதாயின், நரா.

நாம் ‘ஆல்’ என்ற ஒன்றாற் சொல்லிவிடும் இடத்தில், எது முந்தியது, எது பிந்தியது, எது தானாக வருவது, எது நாம் வேண்டுவது என்பவற்றை யப்பானியர் வாய் திறக்குமுன்பே வகுத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. மருந்து கொடுப்பவர் ‘நொந்தரா’ என்றாரா, ‘நொமு நரா’ என்றாரா என்பதைச் செவி பிரித்தறியுமாயின், அவர் குடித்தபின் செய்யத்தகாததைச் சொன்னாரா, குடிக்குமுன் செய்யத்தக்கதைச் சொன்னாரா என்பது அந்த ஓருருபிலேயே விளங்கிவிடும்.